ராத்திரி 'நீ', காலையில் 'நீங்க': இதில் எது சிக்னல்?

மார்ச் 23, இரவு 11.50 | கொழுந்து

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் இரவு வேலை. சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன்.

என்னுடன் கல்லூரியில் படித்தவளின் தங்கை. வயது 28, எனக்கு 33. நாலு வருடம் ஒரு கோயம்புத்தூர்ப் பையனைக் காதலித்தாள். ஜனவரியில் அவன் வீட்டில் சாதி சொல்லி மறுத்தார்கள், அவனும் தலையாட்டிவிட்டு ஒதுங்கிவிட்டான். அக்கா மூலம் விஷயம் தெரிந்து ஒருநாள் ஆறுதலாகப் பேசினேன். அதிலிருந்து ராத்திரி பத்தரைக்கு மேல் போன் வருகிறது. அழுவாள். அரை மணி கழித்துச் சிரிப்பாள். "நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ" என்பாள். 'நீ' என்றால் சத்தியமாக 'நீ' தான். மறுநாள் நான் மெசேஜ் அனுப்பினால் பதில் இல்லை. வந்தாலும் "நல்லா இருக்கேங்க. நீங்க?" என்று இரண்டு சொல்.

ராத்திரி நீ, காலையில் நீங்க. எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கண்டுபிடித்துக் கேட்பதற்குள். இந்த மாறி மாறி வரும் சிக்னலை எப்படிப் படிப்பது?

மார்ச் 24, காலை 7.15 | டவர்மணி

கோத்தகிரிக்குக் கீழே எந்தப் பக்கம்? சோலூர்மட்டம் பக்கமா, குஞ்சப்பனை பக்கமா? மலையின் மடிப்புக்குள் இருந்தால் சிக்னல் மாறி மாறித்தான் வரும். ராத்திரி நன்றாக வந்து பகலில் வராதது கொஞ்சம் விசித்திரம். வீட்டு மாடியில் வைத்துப் பாருங்கள். எந்த கம்பெனி சிம் என்றும் சொல்லுங்கள்.

மார்ச் 24, காலை 9.05 | ஆறுமாசம்

மணி அண்ணே, தலைப்பை மட்டும் படித்தீர்களா?

கொழுந்து, கணக்கு எளிது. எத்தனை வருடம் காதலோ அதில் பாதி காலம் மறக்க வேண்டும். நாலு வருடம் என்றால் இரண்டு வருடம். அதற்குள் வருவது காதல் இல்லை, ஒட்டுப்போடுவது. அப்படி ஆரம்பித்த எதுவும் நிலைக்காது. விலகி நில்லுங்கள்.

மார்ச் 24, காலை 11.30 | கொழுந்து

மணி, நான் கேட்டது மனிதர்களின் சிக்னல். ஆனாலும் உங்கள் பதிலைப் படித்துச் சிரித்தேன்.

ஆறுமாசம், உங்கள் கணக்குப்படி உங்கள் பெயருக்கு ஒரு வருடக் காதல்தானே?

நான் ஃபேக்டரியில் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுகிறவன். அந்தப் பழக்கத்தில் மூன்று வாரக் கணக்கைப் போனில் பார்த்து எடுத்தேன். மார்ச் 3 முதல் 23 வரை பேசியது 16 தடவை. அதில் 15 அவர் கூப்பிட்டது, ஒன்றுதான் நான். பதினாறில் 13 இரவு பத்துக்கு மேல். பகலில் நான் அனுப்பிய மெசேஜ் 22. அன்றைக்கே பதில் வந்தது ஆறுக்கு மட்டும்.

பார்த்தால் தெளிவாகத்தான் தெரிகிறது. அவருக்கு ராத்திரியில் தேவைப்படுகிறேன், பகலில் தேவைப்படவில்லை.

மார்ச் 24, மாலை 6.40 | பழைய ஸ்வெட்டர்

கோவையில் 14 வருடம் ஆலோசகராக இருந்துவிட்டு இப்போது மலையில் ஓய்வில் இருக்கிறேன். கணக்கு எழுதியது நல்லது. ஆனால் அதிலிருந்து நேராக முடிவுக்குத் தாவிவிட்டீர்கள்.

உங்களுக்கு இரவுப் பணி என்றீர்கள். அந்த நேரத்தில் விழித்திருப்பீர்கள் என்று தெரிந்தவருக்கு வேறு எப்போது கூப்பிடத் தோன்றும்? மூன்று வாரமும் இரவுப் பணிதானா? அதை முதலில் பிரித்துச் சொல்லுங்கள்.

ஆறுமாசம் சொன்ன பாதிக் காலக் கணக்குக்கு எந்த ஆதாரமும் கிடையாது, அது வாய்வழி வந்தது. முறிவுக்குப் பின் சீக்கிரம் தொடங்கிய உறவு எல்லாம் கெட்டுப்போகும் என்பதும் அப்படித்தான். 2015-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், புதிதாக ஒருவருடன் சேர்ந்தவர்கள் தனியாக இருந்தவர்களைவிட மனநிலையில் தேறியே இருந்தார்கள். சேர்ந்ததால் தேறினார்களா, தேறியவர்கள்தான் சேர்ந்தார்களா என்பது வேறு கேள்வி. அவசரம் வேண்டாம் என்ற அளவில் அவர் சொல்வது சரி.

மார்ச் 26, இரவு 1.20 | கொழுந்து

ஸ்வெட்டர் சொன்னபடி பிரித்தேன். முதல் இரண்டு வாரம் இரவுப் பணி: ஏழு, ஆறு என்று பதின்மூன்று அழைப்பு, அதில் பன்னிரண்டு பத்து மணிக்கு மேல். மூன்றாவது வாரம் பகல் பணி: மூன்றே அழைப்பு. இரண்டு மாலை ஏழு மணி வாக்கில். ஒன்றுதான் நடுராத்திரி, அது அவனுக்கு நிச்சயமான படத்தை யாரோ அவளுக்கு அனுப்பிய நாள்.

ஆக, ராத்திரி நேரத்தில் பாதி என் ஷிஃப்ட் தான். இதை நானே பார்த்திருக்க வேண்டும். ஆனால் பகல் பணி வாரத்தில் மொத்தமே மூன்றாகக் குறைந்ததை எப்படி எடுத்துக்கொள்வது? என் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்ற அக்கறையா, இல்லை அழும் நேரத்தில் கிடைக்காதவன் மற்ற நேரத்தில் எதற்கு என்பதா?

இப்போது கொழுந்து குறைவு. வாட்டும் தொட்டியில் காற்றாடி ஓடுகிறது, எனக்குப் பெரிய வேலை இல்லை. மணிக்கு ஒருமுறை இலையை ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்க்க வேண்டும். வாடாத இலை கையை விட்டதும் துள்ளி விரியும், காம்பு ஒடியும். வாடிய இலை உருண்டையாகவே நிற்கும். அவள் பேசும்போது ஒரு கையில் போன், இன்னொரு கையில் இலை. சில நாள் பேச்சு முடியும்போது உள்ளங்கை பச்சையாக இருக்கும், எத்தனை பிடி அமுக்கினேன் என்றே தெரியாது.

மார்ச் 26, காலை 8.00 | டவர்மணி

இப்போது முழுக்கப் படித்தேன். தப்பாகப் புரிந்துகொண்டதற்கு மன்னிக்கவும். ஆனால் என் கேள்வியை வாபஸ் வாங்கவில்லை. அந்தப் பெண் பகலில் எங்கே இருக்கிறார்?

மார்ச் 26, பகல் 12.10 | கொழுந்து

தொடக்கப் பள்ளி ஆசிரியை. பள்ளி பள்ளத்தில் இருக்கிறது. பஸ் விட்டு இறங்கி எஸ்டேட் வழியாக இருபது நிமிடம் நடக்க வேண்டும் என்பார்.

மார்ச் 26, பகல் 12.25 | டவர்மணி

அப்படிச் சொல்லுங்கள்! அந்த 22 மெசேஜையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து விவரம் பாருங்கள். எப்போது போய்ச் சேர்ந்தது, எப்போது படித்தார் என்று தனித்தனியாக நேரம் காட்டும். ஒரு டிக் என்றால் போய்ச் சேரவே இல்லை. பதில் வரவில்லை என்று அழுகிறீர்களே, கேள்வி போனதா?

மார்ச் 27, இரவு 12.40 | கொழுந்து

பார்த்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பதில் வராத 16-இல் 11 மெசேஜ், சாயங்காலம் நாலரைக்கு மேல்தான் அவள் போனுக்குப் போயிருக்கிறது. அதாவது அவள் மேல்ரோட்டுக்கு ஏறி வந்த பிறகு. "காலை வணக்கம், மழை வருமா?" என்பதை நாலே முக்காலுக்குப் படிக்கிறவள் என்ன பதில் போடுவாள். மூன்று வாரம் ஒரு மலைச்சரிவின் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மீதி ஐந்து. அவை உடனே போயிருக்கின்றன, உடனே படித்தும் இருக்கிறாள், பதில் இல்லை. விடுமுறை நாளிலும், வீட்டை விட்டுக் கிளம்பும் முன்னாலும் அனுப்பியவை. அந்த ஐந்தையும் வரிசையாகப் படித்தேன். "ராத்திரி தூங்கினீங்களா?" "இப்ப மனசு பரவாயில்லையா?" "நேத்து ரொம்ப அழுதீங்க, கவலையா இருக்கு." ஐந்தும் இதே ரகம். பதில் வந்த ஆறு எவை தெரியுமா? பச்சை இலை விலை, மரம் விழுந்து பஸ் நின்றது, கரடி பேக்கரிக் கதவைப் பிறாண்டிய படம்.

மார்ச் 27, காலை 10.20 | பழைய ஸ்வெட்டர்

கேட்ட கேள்விக்குக் கிட்டத்தட்ட விடை இதில் இருக்கிறது, மணிக்குத்தான் நன்றி.

இரவில் ஒருவரிடம் மனதைக் கொட்டியவருக்குக் காலையில் கூச்சம் வரும். நேற்று அழுத முகத்தை இன்று கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காது. அப்போது நீங்கள் போய் "நேத்து அழுதீங்களே" என்றால், அவர் மூடி வைத்ததை நீங்கள் திறக்கிறீர்கள். பதில் சொல்லாமல் விடுவதும் 'நீங்க' போடுவதும் உங்களைத் தள்ளி வைப்பது என்று மட்டும் ஏன் எடுக்க வேண்டும்? பள்ளிக்குக் கிளம்பும் முன் புடவையைச் சரிசெய்துகொள்வது போலத்தான் அது.

அந்த இரவு 'நீ'யையும் அளந்து எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வருடம் இரவு நேரத்தில் ஒருவனோடு 'நீ' போட்டுப் பேசிய வாய் அது. அழும்போது பழைய தடத்தில் ஓடும். உங்களுக்காக வந்த 'நீ'யா, அந்த நேரத்துக்கு வந்த 'நீ'யா என்று இப்போது அவருக்கே தெரியாது.

இன்னொன்று. அவன் இன்னும் தொடர்பில் இருக்கிறானா?

மார்ச் 27, மாலை 5.30 | கட்டபெட்டு சித்தப்பா

இத்தனை பேச்சு எதற்கு? நல்ல பெண், அரசு வேலையா தனியார் பள்ளியா? வீட்டில் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெண் கேள் தம்பி. என் காலத்தில் டிக்கும் கிடையாது, டவரும் கிடையாது.

மார்ச் 27, மாலை 5.50 | ஆறுமாசம்

சித்தப்பா, இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வீட்டார் வேண்டாம் என்ற பெண்ணிடம் இன்னொரு வீட்டாரைக் கூட்டிப் போகச் சொல்கிறீர்களே.

மார்ச் 30, பகல் 1.00 | கொழுந்து

ஸ்வெட்டர் கேட்டதற்கு: ஆம், தொடர்பில் இருக்கிறான். "சாப்பிட்டியா?" என்று வாரத்துக்கு ஒன்றிரண்டு. நிச்சயம் ஆனவன் எதற்கு இதைக் கேட்கிறான் என்று தெரியவில்லை. பதின்மூன்று இரவு அழைப்பில் ஐந்து அந்த 'சாப்பிட்டியா'வில் தொடங்கியது என்று எனக்கு நினைவிருக்கிறது. மீதியில் அவர் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 30, இரவு 8.15 | பழைய ஸ்வெட்டர்

2005-இல் ஒரு ஆய்வு: புதிதாகக் காதல் முறிந்த 58 இளைஞர்களை 28 நாள் தினமும் குறிப்பு எழுத வைத்தார்கள். பழைய துணையோடு தொடர்பு வைத்திருந்தவர்களுக்குக் காதலும் வருத்தமும் வடிவது மெதுவாக நடந்தது. சின்ன ஆய்வு, அமெரிக்கப் பிள்ளைகள், அதற்கு மேல் இழுக்கக் கூடாது. ஆனால் என் அறையில் பார்த்ததும் அதுதான். ஒரு 'சாப்பிட்டியா' ஒரு வாரத் தேறலைக் கழுவிவிடும்.

அதனால் அன்றிரவு உங்களிடம் வரும் நெருக்கம் பொய் இல்லை, ஆனால் அது அவன் கிளப்பிய அலை. நீங்கள் பேசியதும் அலை அடங்குகிறது. அடங்கியபின் அவருக்கு அதே அளவு நெருக்கம் தேவைப்படுவதில்லை. ஏமாற்றவும் இல்லை, பயன்படுத்திக்கொள்கிறேன் என்ற எண்ணமும் இல்லை. தலைவலி நின்றதும் தைலத்தை மூடி வைப்போம் அல்லவா?

ஏப்ரல் 2, காலை 11.45 | குன்னூர்க்காரி

பத்து நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். நான் அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்தவள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கொழுந்து, நீங்கள் ராத்திரி எழுதும் குறிப்புகளில் 'அவள்', 'அழுவாள்'. பகலில் எழுதினால் 'அவர்', 'என்பார்'. மேலே போய்ப் பாருங்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. உங்களுக்கு யார் சிக்னல் கணக்கு எடுப்பது?

என் கதை: வெலிங்டன் பக்கம் ஒரு கடையில் வேலை செய்தபோது எனக்கும் முறிந்தது. கூட வேலை செய்தவரிடம் ஏழு மாதம் அழுதேன். எனக்கு அவர் மேல் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருநாள் லீவு போட்டால் கோபம் வரும். அவருக்குக் காய்ச்சல் என்றபோது முதலில் தோன்றியது, 'அப்போது இன்றைக்கு நான் யாரிடம் பேசுவது' என்பதுதான். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்க இரண்டு நாள் ஆயிற்று. அதைத்தான் பாருங்கள். அந்தப் பெண் உங்களைப் பற்றி ஏதாவது கேட்கிறாரா? உங்கள் அம்மா பெயர் தெரியுமா?

ஏப்ரல் 2, பகல் 2.30 | கொழுந்து

மேலே போய்ப் பார்த்தேன். உண்மைதான். போனை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நின்றேன்.

இனிமேல் 'டீச்சர்' என்று எழுதுகிறேன், இரவும் பகலும்.

கேட்கிறாரா என்றால், கொஞ்சம். என் அம்மாவுக்கு முட்டிவலி என்று தெரியும். தைலம் வாங்கி அக்கா மூலம் கொடுத்தனுப்பினார். யூகலிப்டஸ் தைலம், இங்கே எந்த வீட்டிலும் இருப்பது. ஆனாலும் கொடுத்தனுப்பினார். குன்னூர்க்காரி, அந்தக் கடைக்காரர் என்ன ஆனார்?

ஏப்ரல் 2, பகல் 2.50 | குன்னூர்க்காரி

திருப்பூர் போய்விட்டார். சொல்லிக்கொள்ளாமல்.

ஏப்ரல் 5, இரவு 12.15 | கொழுந்து

அவசரம். டீச்சர் இன்று, "இருந்து என்ன பிரயோஜனம்" என்றார். இரண்டு தடவை. பேச்சை மாற்றிச் சிரிக்க வைத்துவிட்டேன். சரிதானா?

ஏப்ரல் 5, இரவு 12.22 | பழைய ஸ்வெட்டர்

சரியில்லை. பேச்சை மாற்றாதீர்கள். இப்போதே கூப்பிட்டு நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால், ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. இதை நீங்கள் மட்டும் சுமக்கக் கூடாது. அக்காவுக்குத் தெரிய வேண்டும்.

ஏப்ரல் 5, இரவு 1.30 | கொழுந்து

கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாகணும்னு இல்ல, நாளைக்கு விடியாம இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது" என்றார். எதுவும் யோசித்து வைக்கவில்லை என்றார். அக்காவிடம் சொல்லவா என்றதற்கு முதலில் மறுத்து, பிறகு "நீங்களே சொல்லுங்க" என்றார். கவனித்தீர்களா, நடுராத்திரியில் 'நீங்க'. அக்காவிடம் இப்போதுதான் பேசி முடித்தேன். காலை முதல் பஸ்ஸில் வருகிறாள். எண்ணையும் அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 11, இரவு 2.10 | கொழுந்து

அக்கா வந்ததிலிருந்து டீச்சர் தேறியிருக்கிறார். 14416-இல் இரண்டு தடவை பேசினாராம். அவன் எண்ணையும் தடுத்துவிட்டார், அக்கா உட்கார்ந்து செய்ய வைத்திருக்கிறாள். இந்த ஆறு நாளில் எனக்கு ஒரே அழைப்பு. நேற்று, ஐந்து நிமிடம். குரல் நன்றாக இருந்தது. "இன்னைக்கு பசங்க கூட நல்லா சிரிச்சேன்" என்றார்.

போனை வைத்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது.

நேற்றிலிருந்து இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இரண்டு மாதமாக நல்ல மனிதன் வேஷம் போட்டிருக்கிறேனா? போன் அடிக்கும்போது எனக்குள் எழும்பியது இரக்கம் இல்லை. இன்றைக்கும் அழுகிறாள், இன்றைக்கும் நான் தேவை என்ற சந்தோஷம். 'டீச்சர்' என்று எழுதுவேன் என்றேன், பாருங்கள், 'அழுகிறாள்' வந்துவிட்டது.

ஏப்ரல் 11, காலை 9.30 | பழைய ஸ்வெட்டர்

வேஷம் இல்லை. அன்றிரவு அக்காவை எழுப்பியது வேஷமா? ஆனால் நீங்களும் மாட்டியிருக்கிறீர்கள். 1957-இல் ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற இருவர் புறாக்களை வைத்து எழுதிய பெரிய புத்தகம் ஒன்று உண்டு. கொத்தினால் எப்போது தீனி வரும் என்று தெரியாமல் வைத்தால், புறா விடாமல் கொத்தும். தீனியை நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்தும். உங்களுக்கு வரும் போன் எப்போது வரும் என்று தெரியாது. அதனால்தான் இந்த ஏக்கம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. காதலும் இருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 11, காலை 9.41 | கொழுந்து

என்னைப் புறா என்கிறீர்கள்.

ஏப்ரல் 11, காலை 9.44 | டவர்மணி

புறாவுக்கு டவர் தேவையில்லை, அது ஒரு வசதி.

ஏப்ரல் 20, மாலை 4.00 | பழைய ஸ்வெட்டர்

தனியாகச் சொல்லாமல் இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் ஆகும். உங்கள் மனதில் இருப்பதை ஒருமுறை சொல்லிவிட வேண்டும். அவர் அழாத நாளில், பகலில், நேரில். நீளமாக வேண்டாம். முக்கியமாக, அவர் மறுத்தால் ஆறுதலும் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு வரக் கூடாது. "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. இப்ப பதில் வேண்டாம். நீங்க என்ன சொன்னாலும் அவசரம்னா கூப்பிடலாம். ஆனா தினமும் ராத்திரி பேசுறது எனக்கு நம்பிக்கையைக் கிளப்புது, அதைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்." இவ்வளவு போதும்.

ஏப்ரல் 20, மாலை 4.35 | ஆறுமாசம்

இப்போது போய்ச் சொன்னால் அது சந்தர்ப்பத்தைப் பயன்படுத்துவது. ஆறு மாதமாவது ஆகட்டும்.

ஏப்ரல் 20, மாலை 5.10 | குன்னூர்க்காரி

சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பது மட்டும் என்ன? அந்தக் கடைக்காரர் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன், அவரும் திருப்பூர் போயிருக்க மாட்டார். அல்லது போயிருப்பார், தெரியாது. சொல்லிவிட்டாவது போயிருப்பார்.

மே 4, இரவு 10.30 | கொழுந்து

கோடை மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து குவிகிறது, தொட்டிகள் நிறைந்து தரையில்கூட இலை. போன் எடுக்க நேரமில்லை. கடந்த வாரம் டீச்சர் மூன்று தடவை கூப்பிட்டார், மூன்றையும் தவறவிட்டேன். மறுநாள் நான் அனுப்பிய பதில்: "கொஞ்சம் வேலைங்க." எழுதி அனுப்பிய பிறகுதான் அது யார் எழுதும் வாக்கியம் என்று உறைத்தது.

இன்று நேரு பூங்கா காய்கறிக் கண்காட்சிக்கு அக்காவும் டீச்சரும் கூப்பிட்டார்கள், போனேன். கேரட்டிலும் குடைமிளகாயிலும் யானை, மயில் என்று செய்து வைத்திருந்தார்கள். டீச்சரோடு வேலை செய்யும் ஒருவர் எதிரே வந்தார். "இது யாரு?" என்றார். எனக்கு நெஞ்சு அடித்தது. அண்ணன் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "டீ ஃபேக்டரில இருக்காங்க" என்றார்.

மே 4, இரவு 10.48 | கட்டபெட்டு சித்தப்பா

அண்ணன் என்று சொல்லவில்லை அல்லவா. பெண் கேட்டுவிடு.

மே 4, இரவு 10.55 | ஆறுமாசம்

நண்பர் என்றும் சொல்லவில்லை.

மே 18, பகல் 3.20 | கொழுந்து

பள்ளி விடுமுறை. டீச்சர் கோவையில் சித்தி வீட்டில் இருக்கிறார். பள்ளத்துப் பள்ளி இல்லை, டவர் முழுசாக இருக்கிறது, பகல் முழுவதும் ஓய்வு. ஒன்பது நாளாக ஒரு வார்த்தை இல்லை. மணி, உங்கள் கொள்கைக்கு என்ன பதில்?

மே 18, பகல் 3.32 | டவர்மணி

பதினொரு மெசேஜுக்குத்தான் நான் பொறுப்பு. ஒன்பது நாளுக்கு இல்லை.

மே 18, இரவு 7.00 | பழைய ஸ்வெட்டர்

வலி இல்லாத நாளில் நினைவுக்கு வருகிறோமா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், ஒன்பது நாள் ஒரு பதில்தான். அதே சமயம், கோவை அவனுடைய ஊர். அங்கே போய் உட்கார்ந்து அழாமல் இருப்பதே அவருக்கு இப்போது பெரிய வேலையாக இருக்கலாம். ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

மே 25, இரவு 9.10 | கொழுந்து

சொல்லிவிட்டேன்.

டானிங்டனில் ஒரு டீக்கடை, மதியம் மூன்று மணி. ஸ்வெட்டரின் வாக்கியத்தை மனப்பாடம் செய்து போனேன். பாதியில் மறந்துபோய், "ராத்திரி பேசுறதைக் குறைச்சுக்கலாம்" என்பதை முதலிலும் "பிடிச்சிருக்கு" என்பதைக் கடைசியிலும் சொன்னேன். டீச்சர் முதலில் நான் சண்டை போட வந்திருப்பதாக நினைத்தார். வர்க்கியை உடைத்து உடைத்துத் தட்டில் பொடி ஆக்கிவிட்டார், ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை.

அப்புறம் சொன்னார்: "எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன். தெரியாத மாதிரி இருந்தா உங்க கூடப் பேசிட்டே இருக்கலாம்ல, அதான்."

இது ஆமாவா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். "இப்ப என்கிட்ட யாருக்குக் கொடுக்கவும் ஒண்ணும் இல்லைங்க" என்றும் சொன்னார். அவசரம் என்றால் தவிர பத்துக்கு மேல் கூப்பிடுவதில்லை என்று பேசிக்கொண்டோம். பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. நடத்துனரிடம் சில்லறைத் தகராறு, அதனாலும் இருக்கலாம்.

மே 25, இரவு 9.40 | குன்னூர்க்காரி

தெரியாத மாதிரி இருந்தேன் என்று ஒத்துக்கொண்டாரே, நான் ஏழு மாதத்தில் அதை எனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

மே 26, காலை 8.20 | ஆறுமாசம்

கொடுக்க ஒன்றும் இல்லை என்றால் இல்லை என்றுதான் அர்த்தம். நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்.

மே 26, காலை 9.00 | பழைய ஸ்வெட்டர்

'இப்ப' என்ற சொல்லை ஆறுமாசம் விட்டுவிட்டார். கொழுந்து அதை மட்டுமே பிடித்துக்கொள்வார். இரண்டும் தப்பு. அவர் சொன்ன முழு வாக்கியத்தோடு கொஞ்ச நாள் இருங்கள்.

ஜூன் 10, இரவு 11.30 | கொழுந்து

பதினாறு நாள். ஒரு அழைப்பும் இல்லை. முதல் வாரம் பத்தரைக்குப் போன் மேசை மேல் தானாக அதிர்வது போல இருந்தது. இப்போது குறைந்திருக்கிறது. புறா கொத்துவதைக் குறைத்துவிட்டது. இலை வாட்டம் இந்த மாதம் ஒழுங்காக வந்திருக்கிறது, டீ மேக்கரே சொன்னார்.

ஜூன் 19, மாலை 6.15 | கொழுந்து

இன்று மதியம் இரண்டு மணிக்கு டீச்சர் கூப்பிட்டார். பகல் தூக்கத்தில் இருந்தேன், அவசரம் என்று பதறி எடுத்தேன். பள்ளி வாசலில் காட்டெருமை. கேட்டுக்குக் குறுக்கே நிற்கிறதாம், நகர மறுக்கிறது. பிள்ளைகளை வகுப்பில் பூட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு பையன் ஜன்னல் வழியாக அதற்குத் தன் முட்டையைக் காட்டுகிறானாம். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குகிறது. "அய்யோ நீ இத பாக்கணும்" என்றார். உடனே, "பாக்கணும்ங்க" என்றார். நாலு நிமிடம். அவன் பேச்சு இல்லை, அழுகை இல்லை.

எதையும் முடிவு கட்டவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 19, மாலை 6.31 | டவர்மணி

ஒரு நிமிடம். பள்ளியில் சிக்னலே கிடையாது என்றீர்கள். வாசலில் காட்டெருமை. அப்புறம் எங்கே நின்று பேசினார்?

ஜூன் 19, இரவு 7.50 | கொழுந்து

கேட்டேன். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றாராம். முதலில் வனத்துறைக்கு, அடுத்து எனக்கு.